கொலம்பஸ் எந்த ஊரில் கிடக்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பஸின் உண்மையான கல்லறை எது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஸ்பெயினில் செவில் நகரத்துப் பேராலயத்தில் இருப்பவை பெரும்பாலும் அவருடைய எலும்புகள்தான். ஆனால் அவருடைய எலும்புகள் முழுவதும் அங்கே இல்லை. மிச்சத்தில் ஒரு பங்கு டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சாண்டோ டொமிங்கோவில் இருக்கலாம். அங்கே இருக்கும் பெட்டியை யாரும் இதுவரை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தவில்லை. அதனால் அது போலி என்றோ உண்மை என்றோ அடித்துச் சொல்ல இப்போதைக்கு யாராலும் முடியாது.

இப்படி ஓர் ஆளுக்குப் பல கல்லறைகள் சொல்லப்படும்போது நான் முதலில் பார்ப்பது எலும்பை இல்லை, எலும்பு வந்த வழியை. யார் எடுத்தார்கள், எந்தக் குழியிலிருந்து எடுத்தார்கள், எடுத்தபோது அது இன்னாருடையது என்று எப்படித் தெரிந்தது? கொலம்பஸ் விவகாரம் முழுக்க இந்தக் கடைசிக் கேள்வியில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

செத்தது ஒரு தடவை, கல்லறை மட்டும் எப்படி இரண்டு?

உயிரோடு இருந்தபோது அட்லாண்டிக்கை நான்கு தடவை போய்வந்த மனிதர், செத்த பிறகும் அலைவதை நிறுத்தவில்லை.

1506 மே 20 அன்று ஸ்பெயினின் வயடோலிட் நகரில் இறந்தார். அங்கே பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்தில் அடக்கம் செய்தார்கள். 1509-ல் உடலைச் செவிலுக்குக் கொண்டுபோய், லா கார்துஹா என்ற மடத்தின் சிற்றாலயத்தில் வைத்தார்கள். மூத்த மகன் டியேகோ 1526-ல் இறந்தபோது அவரையும் அப்பாவோடு அதே மடத்தில்தான் புதைத்தார்கள்.

அப்புறம் மருமகள் வருகிறார். டியேகோவின் மனைவி மரியா டெ டொலேடோ, அரச குடும்பத்துக்கு உறவான செல்வாக்குள்ள பெண்மணி. மாமனாரின் உடல் அவர் கண்டடைந்த தீவிலேயே இருக்க வேண்டும் என்று மன்னரிடம் விண்ணப்பித்து, சாண்டோ டொமிங்கோ பேராலயத்தின் பீடப் பகுதியையே குடும்பக் கல்லறையாக வாங்கிவிட்டார். 1540-களின் தொடக்கத்தில் மாமனார், கணவர் இருவரின் எலும்புகளும் கடல் தாண்டிப் போயின. பேரன் லூயிஸ் 1572-ல் வட ஆப்பிரிக்காவின் ஓரான் நகரில் இறந்தார். பிற்பாடு அவரையும் இதே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, ஒரே பீடத்தைச் சுற்றி ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை, எல்லாம் ஈயப் பெட்டிகளில். பின்னால் வந்த குழப்பத்துக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது.

சுமார் 250 வருடம் அமைதி. 1795-ல் ஸ்பெயின் போரில் தோற்று, அந்தத் தீவில் தன் பங்கைப் பிரான்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. கொலம்பஸைப் பிரெஞ்சுக்காரர்களிடம் விட்டுப்போக மனமில்லை. தோண்டி எடுத்து கியூபாவின் ஹவானாவுக்குக் கொண்டுபோனார்கள். 1898-ல் கியூபாவும் கைநழுவியது. மறுபடி பெட்டி கப்பலேறி 1899 ஜனவரியில் செவிலுக்கு வந்து சேர்ந்தது. இன்று பேராலயத்துக்குள் நான்கு சிலைகள் தோளில் ஒரு பேழையைச் சுமந்து நிற்கின்றனவே, அதுதான். காஸ்டில், லியோன், அரகான், நவாரா என்ற பழைய ஸ்பானிய அரசுகள் நான்கும் அவரைத் தூக்கி வருவதாகப் பொருள்.

இடையில் 1877 செப்டம்பர் 10-ம் தேதி, சாண்டோ டொமிங்கோ பேராலயத்தில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தபோது, அதே பீடத்தருகே இன்னொரு ஈயப் பெட்டி கிடைத்தது. அதில் கொலம்பஸின் பெயர் இருந்தது. இரண்டாவது கல்லறை பிறந்தது அன்றைக்குத்தான்.

1795-ல் தோண்டியவர்கள் ஆளை மாற்றி எடுத்திருப்பார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அவர்களே எழுதிவைத்த குறிப்பை வைத்துத்தான்.

டிசம்பர் 20 அன்று பெரிய அதிகாரிகள் சூழ நின்று நிலவறையைத் திறந்தார்கள். எழுத்தர் உடனுக்குடன் பதிவு செய்தார். உள்ளே கிடைத்தவை: சுமார் ஓரடி நீளமுள்ள ஈயத் தகடுகள் சில, அதாவது அங்கே முன்பு ஒரு ஈயப் பெட்டி இருந்ததற்கான அடையாளம். கால் எலும்புத் துண்டுகள். இன்னும் சில பாகங்கள். யாருடையவை? பதிவில் இருக்கும் சொல் "யாரோ ஓர் இறந்தவருடையவை" என்ற பொருள் தருவது. அவ்வளவுதான். பெயர் பொறித்த தகடோ கல்வெட்டோ கிடைத்ததாக அந்தப் பதிவில் ஒரு வரி கூட இல்லை. கிடைத்ததைக் கூட்டி அள்ளி, தங்க முலாம் பூசிய புதிய ஈயப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள்.

இதை எழுதிய எழுத்தரை எனக்குப் பிடிக்கும். ராணுவ மரியாதையும் பீரங்கி முழக்கமும் தயாராக இருக்கும் நேரத்தில், "கொலம்பஸின் எலும்பு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். கண்ணால் கண்டதை மட்டும் எழுதினார். அந்த நேர்மையால்தான் நாம் இன்றைக்கு இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அப்படியானால் எந்த நம்பிக்கையில் அந்த நிலவறையைத் திறந்தார்கள்? பீடத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம், அதாவது பழைய வழக்கப்படி நற்செய்தி வாசிக்கும் பக்கம், அங்கேதான் கொலம்பஸ் இருக்கிறார் என்று வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். மேலே பெயர்க்கல் இல்லை. 1655-ல் ஆங்கிலேயர்கள் தீவைத் தாக்க வந்தபோது, அவர்கள் கையில் கல்லறைகள் சீரழியக் கூடாது என்று பேராயர் எல்லாவற்றையும் மூடி மறைக்கச் சொன்னார். முக்கியமாக, நற்செய்திப் பக்கம் இருக்கும் "பழைய அட்மிரலின்" கல்லறையை மறைக்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். ஆங்கிலேயர்கள் தோற்று ஓடிவிட்டார்கள். அடையாளம் மட்டும் மறைந்தது மறைந்ததுதான்.

அடையாளம் போனபின் எஞ்சியது பெரியவர்களின் ஞாபகம். அது எவ்வளவு தாங்கும்? 1683-ல் அங்கே கூடிய திருச்சபை மன்றத்தின் ஏடு, தீவின் முதியவர்கள் சொல்வதாகக் கூறி, கொலம்பஸ் பீடத்துக்கு ஒரு பக்கமும் அவருடைய சகோதரர் லூயிஸ் மறுபக்கமும் கிடப்பதாக எழுதுகிறது. லூயிஸ் சகோதரர் இல்லை, பேரன். லூயிஸ் இறந்து நூற்றுச் சொச்சம் வருடத்துக்குள் பேரன் தம்பியாகிவிட்டான். இடம் சரியாகவும் உறவு தப்பாகவும் நினைவில் நிற்பது வாய்வழிச் செய்தியில் சகஜம். ஆனால் அதே இடப்பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு நிலவறைகள் இருந்தால், "இடப்பக்கம்" என்ற ஞாபகம் போதாது.

இரண்டு இருந்தன. 1877-ல் பெயரோடு பெட்டி கிடைத்த நிலவறை, 1795-ல் காலி செய்த நிலவறைக்கு ஒட்டினாற்போல, நடுவே ஒரு மெல்லிய சுவர் மட்டும் வைத்து இருந்தது.

1877-ல் கிடைத்த பெட்டியில்தான் பெயரே எழுதியிருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம்?

பெயர் ரொம்பத் தெளிவாக எழுதியிருப்பதுதான் சந்தேகம்.

பெட்டியின் மூடிக்கு உட்புறம் "புகழும் மேன்மையும் பெற்ற பெருமகன் டான் கிறிஸ்தோபல் கொலோன்" என்று சுருக்கெழுத்துகளில் பொறித்திருந்தது. கொலோன் என்பது கொலம்பஸின் ஸ்பானிய வடிவம். பக்கவாட்டுகளில் சி, சி, ஏ என்ற மூன்று எழுத்துகள். கிறிஸ்தோபல் கொலோன் அட்மிரல் என்று விரித்துக்கொள்ளலாம். மூடியின் மேற்புறத்தில் இன்னொரு சுருக்கம்: "டி டெ லா ஏ", பிறகு "முதல் அட்மிரல்". அந்த முதல் பகுதியை "அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர்" என்று விரித்தார்கள்.

இங்கேதான் ஸ்பானிய வரலாற்று அறிஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1540-களில் இந்தப் பெட்டியைச் செய்திருந்தால், அதில் "அமெரிக்கா" எப்படி வரும்? அந்தப் பெயர் 1507-ல் ஒரு ஜெர்மானிய வரைபடக்காரர், அமெரிகோ வெஸ்புச்சியின் பெயரை ஒட்டி வைத்தது. ஸ்பானியர்கள் அந்தக் காலத்தில் அந்த நிலங்களை "இந்தியாக்கள்" என்றே சொன்னார்கள். கொலம்பஸின் பட்டமே இந்தியாக்களின் அட்மிரல். போதாக்குறைக்கு, அவர் கண்டது எது, அதில் தங்களுக்கு உரிமை எவ்வளவு என்று குடும்பம் பல பத்தாண்டுகளாக அரசாங்கத்தோடு வழக்காடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட குடும்பம், தாத்தாவின் சவப்பெட்டியில் போட்டியாளர் பெயரையா பொறிக்கும்?

நல்ல வாதம். ஆனால் இது பெட்டியைத்தான் தாக்குகிறது, எலும்பை இல்லை. பழைய பெட்டி இற்றுப்போய், பிற்காலத்தில் யாரோ எலும்புகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, தங்கள் காலத்து மொழியில் எழுதியிருக்கலாம். 1655-ல் மறைத்து வைத்தபோதோ அதற்குப் பின்போ அப்படி நடந்திருக்க இடமுண்டு. சாண்டோ டொமிங்கோ தரப்பில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். காலத்துக்கு ஒவ்வாத சொல் ஒன்று கல்லிலோ தகட்டிலோ இருந்தால், எழுத்து எப்போது வெட்டப்பட்டது என்றுதான் அது காட்டும். கீழே கிடப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும். நம் ஊர்க் கோயில்களில் திருப்பணியின்போது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுக் கல்லில் வெட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

ஸ்பெயினின் வரலாற்றுக் கழகம் இன்னொரு விளக்கமும் சொன்னது. லூயிஸுக்கு ஒரு தம்பி, தாத்தா பெயரே அவனுக்கும்: கிறிஸ்தோபல் கொலோன். இது அந்தப் பேரனுடைய பெட்டி என்றார்கள். "முதல் அட்மிரல்" என்று எழுதியிருப்பதற்கு அதில் பதில் இல்லை. எனக்கு அது எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்ற வாதமாகத்தான் படுகிறது.

எழுத்து முழுக்க 1877-ல் செய்த மோசடி என்றும் சிலர் சொன்னார்கள். அதே வருடம் சில மாதங்களுக்கு முன் அதே பீடத்தருகே பேரன் லூயிஸின் பெட்டி பெயரோடு கிடைத்திருந்தது, அதைத் தொடர்ந்துதான் மேலும் தேடினார்கள் என்பதால், சந்தேகப்படுவதற்கும் இடமிருக்கிறது, நம்புவதற்கும் இடமிருக்கிறது. ஈயத்தில் கீறிய கோடு பழையதா புதியதா என்பது கீறலுக்குள் படிந்த மேல்பூச்சைப் பார்த்துச் சொல்லக்கூடியது. அந்த மாதிரிக் கருவியெல்லாம் அன்றைக்கு இல்லை.

பெட்டிக்குள் துப்பாக்கிக் குண்டு இருந்ததாமே?

ஒரு சிறிய ஈய உருண்டை இருந்தது. கொலம்பஸ் 1503-ல் ஜமைக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில் தன் பழைய புண் மறுபடி திறந்துகொண்டதாக ஒரு வரி வரும். அதையும் இதையும் முடிச்சுப்போட்டு, உடம்பில் தங்கிய குண்டு என்றார்கள். அவர் எங்கும் சுடப்பட்டதாக எந்தப் பதிவும் இல்லை. கடிதத்தில் வரும் "புண்" நோயைக் குறிக்கலாம், மனவேதனையைக்கூடக் குறிக்கலாம். இதை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டி.என்.ஏ. பார்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

டி.என்.ஏ. தனியாக எதையும் சொல்லாது. "இது யாருடைய எலும்பு" என்று அதைக் கேட்க முடியாது. "இந்த எலும்பும் அந்த எலும்பும் என்ன உறவு" என்றுதான் கேட்க முடியும். ஆக, ஒப்பிட்டுப் பார்க்க, அடையாளத்தில் சந்தேகமே இல்லாத ஓர் உறவினர் வேண்டும்.

அதிர்ஷ்டவசமாக ஒருவர் இருக்கிறார். இளைய மகன் ஹெர்னாண்டோ. பெரிய புத்தகப் பிரியர், 1539-ல் செவிலில் இறந்தார், அதே பேராலயத்தில் புதைத்தார்கள், இடம் மாறவே இல்லை. இன்னொருவர் கொலம்பஸின் தம்பி. அவர் பெயரும் டியேகோதான். (இந்தக் குடும்பத்தில் பெயருக்குப் பஞ்சம். மகனை மகன் டியேகோ என்றும் இவரைத் தம்பி டியேகோ என்றும் சொல்கிறேன்.) தம்பி டியேகோவுடையதாகக் கருதப்பட்ட எலும்புகள் செவிலில் லா கார்துஹா மடம் இருந்த வளாகத்தில் இருந்தன. மடம் பின்னாளில் பீங்கான் தொழிற்சாலையாகிவிட்டது என்பது வேறு கதை.

இப்போது கவனமாகப் பாருங்கள். தந்தைவழியில் மட்டும் இறங்குவது ஒய் குரோமோசோம். தாய்வழியில் மட்டும் இறங்குவது மைட்டோகாண்ட்ரியா மரபணு. தாய் அதைத் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுப்பாள், ஆனால் மகன்கள் அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதில்லை.

நம் சந்தேகம் என்ன? 1795-ல் எடுத்தது அப்பாவையா, மகன் டியேகோவையா என்பதுதான். பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவர்கள் அவர்கள். ஹெர்னாண்டோவின் ஒய் குரோமோசோமோடு ஒப்பிட்டுப் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் என்ன தெரிந்தது? அப்பாவுக்கும் அதே ஒய்தான், மகன் டியேகோவுக்கும் அதே ஒய்தான், பேரன் லூயிஸுக்கும் அதே ஒய்தான். இந்தக் குடும்பத்து ஆண் என்று தெரிந்தது, எந்த ஆண் என்று தெரியவில்லை. யாரும் மறுக்காத விஷயத்தை நிரூபித்தது போலாகும்.

தாய்வழி மரபணு இங்கே கை கொடுக்கும். கொலம்பஸுக்கும் தம்பி டியேகோவுக்கும் ஒரே தாய், ஆகவே ஒரே மைட்டோகாண்ட்ரியா. மகன் டியேகோவுக்கு அவருடைய அம்மா, போர்ச்சுக்கல்காரியான ஃபிலிப்பா மோனிஸ் கொடுத்தது. பேரன்களுக்கு மரியா டெ டொலேடோ கொடுத்தது. ஆக, செவில் எலும்பின் தாய்வழி மரபணு தம்பி டியேகோவோடு பொருந்தினால் பெட்டிக்குள் இருப்பவர் அப்பா. பொருந்தாவிட்டால் ஆள் மாறியிருக்கிறது. மூன்றாவது வழி, ஹெர்னாண்டோவோடு உட்கரு மரபணு முழுவதையும் ஒப்பிடுவது. அப்பா மகன் என்றால் பாதி பொதுவாக இருக்கும், ஒரே அப்பாவுக்கு வேறு வேறு தாய்மாரிடம் பிறந்த சகோதரர்கள் என்றால் கால்வாசி. ஆனால் 500 வருடத்து எலும்பில் உட்கரு மரபணு உருப்படியாகக் கிடைப்பது லேசில்லை. மைட்டோகாண்ட்ரியா ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கில் இருப்பதால் அது ஓரளவு தப்பிப் பிழைக்கும்.

சோதித்துப் பார்த்தார்களா? என்ன வந்தது?

2003 ஜூனில் கிரனாடா பல்கலைக்கழகத்தின் ஹோசே அந்தோனியோ லொரெந்தே தலைமையில் செவில் பேழையைத் திறந்தார்கள். அவ்வளவு பிரம்மாண்டமான கல்லறைக்குள் இருந்தது சுமார் 150 கிராம் எலும்பு. ஒரு டம்ளர் அரிசி எடை. வளர்ந்த ஆணின் எலும்புக்கூடு சில கிலோ இருக்க வேண்டும். அத்தனை கடல் பயணத்தில் கொட்டியது, பொடிந்தது, எடுக்காமல் விட்டது எல்லாம் போக மிஞ்சியது இது.

2006-ல் அவர்கள் அறிவித்த முடிவு: தாய்வழி மரபணு தம்பி டியேகோவோடு பொருந்துகிறது. மேலே சொன்ன கணக்குப்படி இதுதான் எதிர்பார்த்த சாட்சி. உட்கரு மரபணுவுக்கு அன்றைய கருவிகள் போதவில்லை என்று மிச்சத்தைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள்.

2024 அக்டோபரில், ஸ்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆவணப் படத்தில், புதிய சோதனைகள் ஹெர்னாண்டோவோடு தந்தை மகன் உறவைக் காட்டுகின்றன, செவிலில் இருப்பவர் கொலம்பஸ்தான் என்று லொரெந்தே அறிவித்தார். அதே படத்தில் கொலம்பஸ் யூத வம்சாவளி என்றும் சொல்லப்பட்டதால் உலகம் அதைப் பற்றியே பேசியது, எலும்பு விஷயம் பின்னால் போய்விட்டது.

இங்கே இரண்டு விஷயம் உறுத்துகிறது. படம் வந்தபோது ஆய்வுக்கட்டுரை வெளியாகவில்லை. எண்களைப் பார்க்காமல் மற்ற மரபியலாளர்கள் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது, ஸ்பெயினிலேயே பலர் அதைச் சொன்னார்கள். இரண்டாவது விஷயம் இன்னும் சுவாரசியம்: தம்பி டியேகோ என்று நினைத்த எலும்பு, உடன்பிறந்த தம்பியுடையது இல்லை, உறவினர்தான் என்றும் படத்தில் சொன்னார்கள். அப்படியானால் 2006-ல் எதை அளவுகோலாக வைத்தோமோ அந்த அளவுகோலே ஆள் மாறிய எலும்பு. முழுப் பாரமும் இப்போது ஹெர்னாண்டோ ஒப்பீட்டின் மேல் விழுந்துவிட்டது. ஒப்பிடுவதற்கு எடுக்கும் எலும்பின் அடையாளத்தையும் அதே கறாரோடு விசாரிக்க வேண்டும் என்பதை இந்தத் துறையில் பலர் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனாலும் என் கணக்கில் செவில்தான் முந்தி நிற்கிறது. குடும்பத்து எலும்பு என்பதில் சந்தேகமில்லை, அப்பா என்பதற்கு ஓரளவு நல்ல சாட்சி இருக்கிறது, மறுபக்கத்தில் எலும்பைப் பற்றிய சாட்சியே இல்லை.

டொமினிக்கன்காரர்கள் ஏன் சோதிக்க விடவில்லை? பயமா?

செவில் எலும்புகளைச் சோதித்த சமயத்தில் அங்கேயும் அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. இறந்தவர்களைத் தொந்தரவு செய்வது கிறிஸ்தவர்களுக்கு அழகில்லை என்று அவர்கள் தரப்பில் சொன்னார்கள். பெட்டியில் பெயர் இருக்கிறது, இதற்குமேல் என்ன வேண்டும் என்பதும் அவர்கள் நிலை. 1992-ல் கொலம்பஸ் கலங்கரை விளக்கம் என்ற பெயரில் சிலுவை வடிவத்தில் ஒரு ராட்சதக் கட்டடம் கட்டி, பெட்டியை அதற்குள் மாற்றியிருக்கிறார்கள். அதன்பின் தவறான முடிவு வந்தால் தாங்க முடியாது என்பது யாருக்கும் புரியும். செவிலுக்கும் இதே ஆசை உண்டு என்பதை மறக்க வேண்டாம். சோதனை செய்தவர்கள் ஸ்பானியர்கள், ஒளிபரப்பியது ஸ்பானியத் தொலைக்காட்சி.

இரண்டு ஊரும் உண்மையாக இருக்க முடியுமா?

முடியும், எனக்கு அதிகம் பிடித்த விடையும் அதுதான்.

1877 பெட்டிக்குள் பின்னர் ஒரு சிறிய வெள்ளித் தகடும் கிடைத்தது. அதில் இருக்கும் சுருக்கெழுத்துகளை நேராக வாசித்தால் "முதல் அட்மிரல் டான் கிறிஸ்தோபல் கொலோனின் எச்சங்களில் ஒரு பகுதி" என்று வரும். ஒரு பகுதி! வேறு விதமாக விரிப்பவர்களும் உண்டு, சுருக்கெழுத்தில் அந்தத் தொல்லை எப்போதும் இருக்கும். ஆனால் செவிலில் 150 கிராம்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு நிலவறையில் இற்ற தகடும் சில துண்டுகளும், சுவருக்கு அப்பால் புதுப் பெட்டியில் மிச்சம் என்றால் கணக்கு இடிக்காது.

1877-க்குப் பிறகு அந்தப் பெட்டியிலிருந்து துளித் துளியாக எடுத்து இத்தாலிக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஜெனோவாவிலும் பாவியாவிலும் அந்தப் பொடி இருக்கிறது. அவற்றைத் தனிக் கல்லறை என்று எண்ணாதீர்கள், சாண்டோ டொமிங்கோவின் கிளைகள் அவை. தாய்ப் பெட்டி விழுந்தால் அவையும் விழும்.

சாந்தோமில் இருக்கும் புனித தோமையார் கல்லறைக்கும் இதே முறைதானா?

கேள்வி அதேதான், சாட்சியின் தன்மை வேறு. மயிலாப்பூரில் அவர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார் என்பது மரபு. எலும்புகளை இந்தியாவிலிருந்து ஒரு வணிகர் எதெஸ்ஸா நகருக்குக் கொண்டுவந்ததாக 4-ம் நூற்றாண்டிலேயே புனித எப்ரேம் பாடுகிறார். அங்கிருந்து கியோஸ் தீவு, 1258-ல் இத்தாலியின் ஒர்தோனா என்று தொடர்கிறது. ஆக மயிலாப்பூரும் ஒர்தோனாவும் கொலம்பஸின் இரண்டு ஊர்கள் மாதிரி நேருக்கு நேர் மோதவில்லை. ஒன்று புதைத்த இடம் என்கிறது, மற்றது எலும்பு வந்து சேர்ந்த இடம் என்கிறது. மரபணுவுக்கு இங்கே வேலையே இல்லை, ஒப்பிட உறவினர் யார் இருக்கிறார்?

எங்கள் பக்கம் ஒரே சித்தருக்கு மூன்று ஊரில் ஜீவசமாதி சொல்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

மூன்று ஊரிலும் முதல் எழுத்துச் சான்று எந்த வருடம் என்று மட்டும் முதலில் பாருங்கள். கோயில் பலகையும் தலபுராணச் சிறுநூலும் சான்று ஆகாது, அவை அச்சான தேதிக்குத்தான் சான்று. கல்வெட்டு இல்லாவிட்டால் 1860-களின் இனாம் பதிவேடுகளைத் தேடுங்கள். விளக்கெரிக்கவோ பூசைக்கோ நிலம் விட்டிருந்தால், எந்தச் சமாதிக்கு, யார் அனுபவிக்கிறார்கள் என்று அதில் இருக்க வாய்ப்புண்டு. 1683-ன் முதியவர்களை நினைவில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். இடம் பற்றி அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், உறவுமுறையும் காலமும் பற்றிச் சொல்வதைத் தனியாகச் சரிபாருங்கள்.

நாளைக்கே சாண்டோ டொமிங்கோ பெட்டியைத் திறக்க விட்டால் என்னென்ன வரலாம்?

செவில் எலும்பின் மரபணுவும் அதுவும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், ஒரே ஆள் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார். ஒய் பொருந்தி, தாய்வழி மட்டும் மாறினால், பெட்டியில் இருப்பது மகன் டியேகோவோ பேரன்களில் ஒருவரோ. பெயர் எழுதியவர் ஏமாந்திருக்கிறார் அல்லது ஏமாற்றியிருக்கிறார். எதுவுமே பொருந்தாவிட்டால் யாரோ ஒரு பாதிரியாரோ கப்பல்காரரோ அத்தனை வருடமாக அட்மிரலின் மரியாதையை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நான்காவதாக ஒன்று வரலாம், அதற்கு இரண்டு ஊரும் தயாராக இல்லை என்று நினைக்கிறேன்: பெட்டிக்குள் ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்பு. இற்றுப்போன பெட்டிகளை இருட்டில் கையால் துழாவி அள்ளிய இடம் அது. அப்படி வந்தால் ஒவ்வொரு துண்டாகத் தனித்தனியே சோதிக்க வேண்டும். செவிலின் 150 கிராமையும் அதே மாதிரி மறுபடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.